பவுன், ரொக்கம், பைக்: மாப்பிள்ளை வீட்டில் நிற்கும் சீரை சிவில் வழியில் மீட்பது எப்படி?

நொய்யல்கரை:
அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். கல்யாணம் 2021 செப்டம்பர், திருப்பூரில். 55 பவுன் போட்டோம். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணன் தன் வங்கிக் கணக்கிலிருந்து சம்பந்தி கணக்குக்கு 5 லட்சம் அனுப்பினார். அது அவர்கள் கேட்டு வாங்கியது. மாப்பிள்ளைக்கு மூன்று பவுன் செயின், மோதிரம், ஒரு பைக். ஆர்.சி. அவர் பேரில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, வெள்ளி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் தனி.

2024 மார்ச்சில் பெண் வெளியே வந்தபோது கையில் இருந்தது தாலிக்கொடியும் வளையலும் சேர்த்து 7 பவுன். மீதி மாமியார் பீரோவில். மகளிர் ஸ்டேஷனில் இரண்டு தடவை பேச்சுவார்த்தை நடத்திவிட்டு, "பொருள் விஷயம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இப்போது மாப்பிள்ளை கோவை குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து போட்டிருக்கிறார். பில் எல்லாம் அண்ணன் பேரில்தான். அண்ணனே வழக்குப் போடலாமா? எதையெல்லாம் கேட்கலாம்?

பச்சைமை:
சிவில் பக்கமே போகாதீங்க, பத்து வருஷம் இழுக்கும். நம்பிக்கை மோசடின்னு கிரிமினல் கேஸ் போடுங்க, நகை தானா வரும். பில் அப்பா பேரில் இருக்கிறதால அவரே புகார்தாரர், அவரே வாதி. கொடுத்தவருக்குத்தான் திருப்பிக் கேட்கிற உரிமை.

கட்டுப்பிரதி:
பச்சைமை சொன்னதில் பாதி சரி. நம்பிக்கை மோசடி வழக்குக்கு இடம் உண்டு. பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. கணவன் ஸ்திரீதனத்தின், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்கென்று கொடுத்த சொத்தின், கூட்டு உரிமையாளன் அல்ல, ஒப்படைக்கப்பட்டதை வைத்திருப்பவன் மட்டுமே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் கிரிமினல் வழக்கின் முடிவு தண்டனை. நகை வருவது பெரும்பாலும் முன்ஜாமீன் நேரத்துப் பேரத்தில்தான். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் நகைக்கு சிவில் உத்தரவுதான் வேண்டும்.

அப்பா வழக்குப் போடலாம் என்பது தவறு. 2024 ஆகஸ்டில் முலகலா மல்லேஸ்வர ராவ் வழக்கில் தந்தைதான் மகளின் ஸ்திரீதனம் கேட்டுப் புகார் கொடுத்தார். மகள் உயிருடன், வயதுவந்தவராக, தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது, அவர் அதிகாரம் கொடுக்காமல் தந்தைக்கு அந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது. பில்லில் யார் பேர் என்பது நகை வாங்கியதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பெண் கழுத்தில் ஏறிய பிறகு அது பெண்ணுடையது. மனுதாரர் அண்ணன் மகள், அண்ணன் இரண்டாம் சாட்சி. வாதியாக யார் கையெழுத்துப் போடுவது என்பதில் பிழைத்தால், மூன்று வருஷம் விசாரணை நடந்த பிறகு அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி ஆகும்.

எதைக் கேட்கலாம் என்ற கேள்விக்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நீங்கள் சொன்ன பொருள்கள் சட்டத்தின் கண்ணில் நான்கு வகை.

பெண்ணுக்குப் போட்ட நகை முழுக்க அவளுடையது. இதில் சண்டை உரிமை பற்றி வராது, யார் கையில் இருக்கிறது என்பது பற்றித்தான் வரும்.

5 லட்சம் வரதட்சணை. கேட்டு வாங்கியது சட்டவிரோதம் என்பதால் அது சம்பந்திக்குச் சொந்தமாகிவிடாது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961, பிரிவு 6-ன்படி, பெண்ணைத் தவிர வேறு யார் வாங்கியிருந்தாலும், கல்யாணத்துக்கு முன்பு வாங்கியதை கல்யாணம் ஆன மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அதுவரை அவளுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பதாகவே சட்டம் பார்க்கும். கொடுத்தவரும் குற்றவாளி ஆவாரே என்று பயந்து பலர் இந்தத் தொகையை மனுவில் "அன்பளிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். அன்பளிப்பு என்றால் வாங்கியவருக்குச் சொந்தம், முடிந்தது கதை. பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது என்று பிரிவு 7(3) இருக்கிறது. கேட்டார்கள், இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்னார் முன்னிலையில் என்று நேராக எழுதுங்கள்.

பைக் நடுவில் நிற்கிறது. கேட்டு வாங்கியது என்று நிரூபித்தால் பிரிவு 6. கேட்காமல் கொடுத்தது என்றால் ஆர்.சி. யார் பேரிலோ அவருக்கு. பணம் அண்ணன் கணக்கிலிருந்து ஷோரூமுக்குப் போனது என்பது மட்டும் போதாது, அது அன்பளிப்புக்கும் பொருந்தும். மனுவோடு வைக்கும் பொருள் பட்டியலான தபசிலில் சேருங்கள், ஆனால் அதன் மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

மாப்பிள்ளை செயின், மோதிரம், மாமியாருக்கு எடுத்த புடவை இதெல்லாம் விட்டுவிடுவது நல்லது. வழக்கமான சீர், கொடுத்து முடிந்த பரிசு. இதையும் கேட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "இட்லி கொப்பரையைக் கூட விடவில்லையே அம்மா" என்றுதான் வரும். மண்டபச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எந்த வகையிலும் சேராது.

நொய்யல்கரை:
நன்றி சார். எந்தக் கோர்ட்? விவாகரத்து வழக்கிலேயே பதிலுரையில் கேட்டுவிடலாம் என்கிறார் எங்கள் வக்கீல்.

கட்டுப்பிரதி:
கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 27 அதற்குத்தான். கல்யாணத்தின்போதோ அதை ஒட்டியோ கொடுத்த, இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருளைப் பற்றித் தீர்ப்பிலேயே உத்தரவு போடலாம் என்கிறது. 1997-ல் பாலகிருஷ்ண கதம் வழக்கில் "அதை ஒட்டி" என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் விரிவான பொருள் கொடுத்தது. முன்பே கொடுத்ததோ பிறகு கொடுத்ததோ, கல்யாணத்தோடு தொடர்பு இருந்தால் போதும்.

ஆனால் இரண்டு ஓட்டை. "கூட்டாகச் சொந்தமான" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணின் தனிச் சொத்தான நகைக்கு 27 பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும், உயர் நீதிமன்றங்கள் இதில் ஒன்றாகப் பேசவில்லை. இரண்டாவது, அந்த உத்தரவு விவாகரத்து வழக்கின் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டு வருவது. அவர் மனுவை வாபஸ் வாங்கினாலோ மனு தள்ளுபடி ஆனாலோ உங்கள் கோரிக்கை அந்தரத்தில் நிற்கும்.

அதனால் அதே கோர்ட்டில் தனியாக ஓ.பி., அதாவது அசல் மனு போடுங்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 7, விளக்கம் (c) தம்பதியரின் சொத்து, அல்லது இருவரில் ஒருவரின் சொத்து என்று தெளிவாகச் சொல்கிறது. தனிச் சொத்துக்கும் பொருந்தும். விவாகரத்து ஆன பிறகும் பொருந்தும் என்பது 2003-ல் அப்துல் ஜலீல் வழக்கில் முடிவான விஷயம். எந்த மதத்தினருக்கும் பொருந்தும் என்பது கூடுதல் வசதி. இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரிக்க ஒரு மனு போட்டால் சாட்சி ஒரே தடவை ஏறினால் போதும்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 19(8) இன்னொரு பாதை. ஸ்திரீதனத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட்டே உத்தரவிடலாம், பெண் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். வீட்டில் கண்ணெதிரே நிற்கும் பீரோ, கட்டில், சான்றிதழ், துணிமணிக்கு இது வேகமான வழி. 48 பவுன் போன்ற சண்டைக்கு முழு விசாரணை நடக்கும் இடம்தான் உறுதி. இரண்டையும் போட்டால் ஒன்றில் மற்றதை மறைக்காதீர்கள். பிரிவு 26-ல் தெரிவிக்கும் கடமை இருக்கிறது.

காவேரிக்கரை_கலா:
எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், தட்டுச் சீர் எல்லாம் போனது. இந்தச் சட்டப்படி மூன்று மாதத்தில் கேட்கலாம்தானே?

கட்டுப்பிரதி:
உங்களுடையது வேறு விஷயம் அம்மா. கல்யாணமே நடக்காததால் "கல்யாணம் ஆன மூன்று மாதம்" என்ற கணக்கு ஓட ஆரம்பிக்கவே இல்லை. கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது, நடக்கவில்லை, திருப்பிக் கொடு என்று சாதாரண சிவில் கோர்ட்டில் கேட்பது. தனி இழை திறந்தால் பேசலாம், இங்கே கலந்தால் இவருக்குக் குழப்பம்.

பச்சைமை:
சரி, அப்பா விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நடைமுறையைச் சொல்லுங்க. 55 பவுன்னு இவங்க சொல்வாங்க, 20தான்னு அவங்க சொல்வாங்க. அந்த 20-ஐயும் எடுத்துட்டுப் போயிட்டாள்னு அடுத்த வரியில எழுதுவாங்க. எப்படி நிரூபிக்கிறது?

கட்டுப்பிரதி:
வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொய்யல்கரை, 55 பவுனுக்கும் பில் இருக்கிறதா?

நொய்யல்கரை:
31 பவுனுக்குக் கடை பில் இருக்கு. 14 பவுன் அண்ணியின் பழைய நகையைக் கொடுத்து மாற்றியது, எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான். மீதி 10 தாய்மாமன், பெரியப்பா, சித்தி போட்டது.

கட்டுப்பிரதி:
அப்படியானால் கேட்க வேண்டியது 55 அல்ல, 48. கையில் இருக்கும் 7-ஐக் கழிக்காமல் மனுப் போடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. குறுக்கு விசாரணையில் தாலிக்கொடி கழுத்தில் தொங்கும்போதே "எல்லா நகையும் அவர்களிடம்" என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். 48 பவுன் என்றால் 384 கிராம். மனுவில் கிராமில் எழுதுங்கள்.

தபசிலில் "நெக்லஸ், ஆரம், வளையல் முதலிய நகைகள் 48 பவுன்" என்று ஒரே வரி இருந்தால் அந்த மனுவுக்குப் பல் கிடையாது. ஒவ்வொரு உருப்படியும் தனி வரி. உதாரணமாக: "சிவப்புக் கல் அட்டிகை 1, 916, 32.400 கிராம், தந்தை வாங்கியது, பில் தேதி இன்னது, முகூர்த்தப் படம் எண் 14-ல் கழுத்தில் இரண்டாவதாகத் தெரிவது." நீதிபதி படத்தைப் பார்த்து, பில்லைப் பார்த்து, தபசிலில் டிக் போட முடிய வேண்டும். 2021 ஜூலையிலிருந்து ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் வந்துவிட்டது. செப்டம்பர் கல்யாணம் என்பதால் சில உருப்படியில் இருக்கலாம். பில்லிலோ சீட்டிலோ அந்த எண் இருந்தால் தபசிலில் ஏற்றுங்கள். பிறகு அடகில் அகப்படும் நகை இதுதான் என்று காட்ட அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

31 பவுனுக்குக் கவலை இல்லை. 14 பவுனில் சிக்கல் இருக்கிறது. பழைய நகை மாற்றியதில் பணமாகக் கொடுத்தது செய்கூலியும் வித்தியாசமும் மட்டும்தான். அண்ணனின் வங்கிக் கணக்கைக் காட்டினால் சின்னத் தொகைதான் தெரியும். "இந்தப் பணத்துக்கு 14 பவுனா?" என்று கேட்பார்கள். எஸ்டிமேட் சீட்டை மட்டும் தாக்கல் செய்து நிற்காமல், கடைக்காரரை அவர் கணக்குப் புத்தகத்தோடு சாட்சிக்கு அழைக்க மனுப் போடுங்கள். அண்ணியும் கூண்டில் ஏறி, தன் கல்யாணப் படத்தில் இருக்கும் பழைய காசுமாலையைக் காட்டி, இதைத்தான் மாற்றினோம் என்று சொன்னால் அதற்கு எடை உண்டு.

உறவினர் போட்ட 10 பவுனுக்கு மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மொய் எழுதும்போது "தாய்மாமன், 4 பவுன் ஆரம்" என்று எழுதும் பழக்கம் பல வீட்டில் உண்டு. அந்தந்த நாளில், வழக்கு என்ற நினைப்பே இல்லாமல் எழுதியது என்பதால் அதை எளிதில் உடைக்க முடியாது. அசல் நோட்டைக் கொடுங்கள், பக்கத்தைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். 1985 விதிப்படி மணமக்கள் இருவரும் கையெழுத்திட்ட பரிசுப் பட்டியல் எழுதியிருக்க வேண்டும், பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பேர், உறவு என்று. யாரும் எழுதுவதில்லை. இல்லாததால் வழக்குத் தோற்காது, ஆனால் இருந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

படம் எடை சொல்லாது, எண்ணிக்கைதான் சொல்லும். அதுவும் கோர்ட்டுக்குப் போகும்போது போனில் வந்த படத்தை அச்செடுத்து நீட்டினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ல் மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் சான்றிதழ் எங்கே என்பார்கள். குடும்பநல நீதிமன்றம் பிரிவு 14-ஐ வைத்துக் கொஞ்சம் தளர்வாகவே ஆவணம் வாங்கும். இருந்தாலும் சான்றிதழ் போட்டுவிடுங்கள், அப்பீலில் அந்தக் கேள்வி எழ வேண்டாம்.

இரட்டைப்பூட்டு:
வங்கிப் பக்கத்திலிருந்து ஒன்று. நகை இன்னும் பீரோவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பாதி வழக்கில் அடகில் இருக்கும். ஆனால் "இந்த ஊர் வங்கிகள் எல்லாவற்றிலும் விசாரிக்க உத்தரவிட வேண்டும்" என்று மனுப் போட்டால் தள்ளிவிடுவார்கள். கிளை, தோராயமான காலம், கணக்கு வைத்திருப்பவர் மூன்றும் வேண்டும்.

அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெண் ஜீவனாம்சம் கேட்டிருந்தால், 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரம் உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்ட நினைக்கும் மாப்பிள்ளைகள் கடன் பட்டியலை நீளமாக எழுதுவார்கள். அதில் "நகைக் கடன்" என்று ஒரு வரி அகப்படும். யாருடைய நகை என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கிளையின் நகைக் கடன் கார்டில் உருப்படி வாரியாக எடை எழுதியிருக்கும். உங்கள் தபசிலில் 32.400, அங்கே கல் கழித்து 31.900 என்றால் பொருள் ஒன்றுதான். லாக்கர் என்றால் யார் எந்தத் தேதியில் திறந்தார்கள் என்ற பதிவேடும் வரவழைக்கலாம். பெண் வெளியேறிய மறுநாள் திறந்திருந்தால் அது பேசும்.

அடகில் உள்ள நகையை கோர்ட் உத்தரவு என்று சொல்லி வங்கி சும்மா தூக்கிக் கொடுக்காது. கடனைக் கட்டித்தான் மீட்க வேண்டும். கட்ட வேண்டியது அவர், அதை உத்தரவில் எழுத வைக்க வேண்டும். ஏலம் போடாமல் தடுக்க இடைக்கால உத்தரவு வாங்கினால், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டுப்பிரதி:
அருமையான குறிப்பு. நகை இருந்ததை நிரூபித்த பிறகு ஒப்படைத்ததை நிரூபிக்க வேண்டும், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். எந்த நாள், எந்த அறை, யார் கையில், என்ன காரணம் சொல்லி வாங்கினார்கள் என்று இருக்க வேண்டும். "திருமணத்துக்குப் பின் எதிர்மனுதாரர்கள் நகைகளை அபகரித்துக்கொண்டனர்" என்று எழுதினால் அது பொதுப்பேச்சு. "மூன்றாம் நாள் மறுவீடு முடிந்து வந்த இரவு, பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் வாங்கி, தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்" என்பது சாட்சியம்.

முதலில் எழுதியதுதான் நிலைக்கும். மகளிர் ஸ்டேஷன் புகாரில் 50 பவுன், வக்கீல் நோட்டீஸில் 55, மனுவில் 60 என்று ஏறிக்கொண்டே போனால் அந்த மூன்று தாளையும் எதிர்த்தரப்பு வரிசையாக அடுக்கிக் காட்டும். ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகலை இன்றே எடுங்கள். அதில் எண் வேறாக இருந்தால் மனுவிலேயே ஏன் என்று விளக்கிவிடுங்கள்.

அதற்காகக் கிரிமினல் வழக்குப் போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. மாயா கோபிநாதன் வழக்கு, 2024 ஏப்ரல், கேரளத்துக் குடும்பம், 89 பவுன். முதல் இரவே கணவர் நகையை வாங்கித் தாயிடம் கொடுத்தார் என்பது மனைவியின் வழக்கு. குடும்பநல நீதிமன்றம் ஏற்றது, உயர் நீதிமன்றம் நிரூபணம் போதாது என்றது. இரண்டில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது.

அந்த வழக்கில் யாரும் பேசாத ஒரு பாடம் இருக்கிறது. 2009-ல் மனுப் போட்டபோது 89 பவுனின் மதிப்பு 8 லட்சத்து 90 ஆயிரம். கடைசியில் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. அப்போது பவுன் 50 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதே நகையை அன்று கடையில் வாங்க 44 லட்சத்துக்கு மேல் வேண்டும்.

நொய்யல்கரை:
அப்படியானால் நாங்கள் என்ன விலை போடுவது?

கட்டுப்பிரதி:
நகையைத் திருப்பிக் கொடு என்பதே முதல் கோரிக்கை. முடியாவிட்டால் அதன் மதிப்பு என்பது மாற்றுக் கோரிக்கை. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 20 விதி 10, அசையும் பொருளுக்கான தீர்ப்பில் மாற்றுத் தொகையையும் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தத் தொகையை எப்படி எழுதச் சொல்கிறோம் என்பதில்தான் லட்சங்கள் இருக்கின்றன.

வாங்கிய விலையை எழுதினால், 2021-ல் பவுன் 36 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது, 48-க்கு 17 லட்சத்து 28 ஆயிரம். 2025-ல் பவுன் 90 ஆயிரத்தைத் தொட்டது. அந்த விலைக்கு 43 லட்சத்து 20 ஆயிரம். நகையைக் கொடுக்காமல் பழைய விலையைக் கட்டிவிட்டுப் போவது அவருக்கு லாப வியாபாரம் ஆகிவிடும். அதனால் "384 கிராம் 22 காரட் தங்க நகை, தவறினால் நிறைவேற்றும் நாளில் உள்ள சந்தை விலை" என்று கோரிக்கையிலேயே கேட்க வேண்டும். கேட்காததை நீதிபதி தானாக எழுதித் தரமாட்டார்.

சாதாரண சிவில் கோர்ட்டில் போட்டால் தமிழ்நாட்டில் மதிப்புக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீ. 2017-ல் குறைத்தது, அதற்கு முன் ஏழரை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, அதில் கோர்ட் ஃபீயும் அடங்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

சிவப்புநாடா:
எல்லோரும் தீர்ப்பு வரைக்கும் பேசுகிறீர்கள். நிறைவேற்று மனுவில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

கட்டளை 21 விதி 31-ன்படி நகையைக் கைப்பற்ற கோர்ட் ஊழியரான அமீனா வீட்டுக்குப் போவார். பீரோவில் கவரிங் இருக்கும். "இல்லை" என்று எழுதிக்கொண்டு வருவார். பிறகு சொத்து ஜப்தி, அல்லது சிவில் சிறை. ஜப்திக்குப் போனால் மாப்பிள்ளை பேரில் ஒரு சென்ட் நிலம் இருக்காது, வீடு அப்பா பேரில். சம்பளத்தைப் பிடிக்கலாம் என்பீர்கள். சம்பளம் 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆயிரத்தைத் தொட முடியாது, மீதியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட முடியாது. கிடைப்பது மாதம் 13 ஆயிரம். அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்தான். 3 லட்சத்து 12 ஆயிரத்தோடு கதவு மூடிவிடும். நீங்கள் கேட்பது 43 லட்சம்.

ஆகவே யாரை எதிர்மனுதாரர் ஆக்குகிறீர்கள் என்பதை முதல் நாளே யோசியுங்கள். நகை மாமியார் கையில் போனது என்றால் அவர், 5 லட்சம் மாமனார் கணக்கில் என்றால் அவர். அவரவர் என்ன வாங்கினார் என்று பத்தி பத்தியாக எழுத வேண்டும், சும்மா பேர் சேர்த்தால் நீக்கச் சொல்லி மனு வரும். குடும்பநல நீதிமன்றத்தில் மாமனார் மாமியார் எப்படி என்று ஆட்சேபம் வரத்தான் செய்யும். அதற்குப் பதிலாக உங்கள் தரப்பு பிரிவு 7-ன் விளக்கம் (d), திருமண உறவிலிருந்து எழும் சூழ்நிலை என்பதைக் காட்ட வேண்டும். மாமனார் மாமியார் மீது தீர்ப்பு இருந்தால்தான் அந்த வீட்டைத் தொட முடியும்.

வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் கட்டளை 38 விதி 5-ல் முன்கூட்டியே ஜப்தி கேளுங்கள். "விற்றுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்" என்று எழுதினால் கிடைக்காது. புரோக்கர் விளம்பரம், அட்வான்ஸ் வாங்கிய பேச்சு, வில்லங்கச் சான்று என்று கையில் ஏதாவது வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு நிறைவேற்ற 12 வருஷம் இருக்கிறது, அதனால் அவர் பேரில் பிற்பாடு பாகம் பிரிந்து வந்தாலும் விடாதீர்கள்.

நொய்யல்கரை:
கட்டில், பீரோ?

சிவப்புநாடா:
அட்வகேட் கமிஷனர் போட்டு முதல் மாதத்திலேயே பட்டியல் எடுங்கள், அன்றே டெம்போவில் ஏற்ற அனுமதி கேளுங்கள். நான்கு வருஷம் ஓடின வாஷிங் மெஷினுக்குப் புது விலை யாரும் தரமாட்டார்கள். கமிஷனர் கட்டணத்தையும் வண்டி வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெள்ளி மட்டும் எடை போட்டு எழுத வேண்டும்.

வெள்ளலூர்_பெரியவர்:
நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். நாங்கள் தாலியோடு சேர்த்து 9 பவுன் மருமகளுக்குப் போட்டோம். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை இல்லையா? எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள்.

கட்டுப்பிரதி:
ஐயா, மருமகளுக்குப் போட்டது அவளுக்குக் கொடுத்த பரிசு, பொதுவாக அதுவும் அவளுடைய ஸ்திரீதனம்தான். விசேஷத்துக்குப் போட்டுக்கொள் என்று உங்கள் வீட்டுப் பரம்பரை நகையை இரவல் கொடுத்திருந்தால் வேறு, ஆனால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பெண் வீட்டாரிடம் கேட்கும் அதே துல்லியத்தை உங்களிடமும் கேட்பார்கள்.

வெள்ளலூர்_பெரியவர்:
எங்கள் அம்மா போட்டிருந்த ஆரம் அது. படம் இருக்கிறது.

கட்டுப்பிரதி:
படம் உங்கள் அம்மாவிடம் இருந்ததைக் காட்டும். இரவல் என்பதைக் காட்டாது. சமரசப் பேச்சில் வைத்துப் பேசுங்கள், அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

பச்சைமை:
ஒரு முக்கியமான விஷயம் விட்டுட்டீங்க. மூணு வருஷ கெடு. 2021-ல கொடுத்தது, அப்போ எல்லாமே காலாவதிதானே?

கட்டுப்பிரதி:
இதில் உறுதியான ஒரே பதில் இல்லை. நகைக்கு, ஒப்படைத்ததைக் கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்பது ஒரு கணக்கு. கல்யாண நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். 2024 மார்ச்சில் வெளியே வந்தார் என்பதால், மிக மோசமான கணக்கிலும் 2027 மார்ச்சுக்கு முன் மனு உள்ளே போய்விட்டால் சண்டை இல்லை. நோட்டீஸ் கொடுத்தால் கெடு புதிதாகத் துவங்கும் என்று நம்பித் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டேஷன் பேச்சுவார்த்தையிலேயே மறுத்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லலாம்.

5 லட்சம்தான் தலைவலி. பிரிவு 6-ன் மூன்று மாதம் 2021 டிசம்பரில் முடிந்தது. அதிலிருந்து சாதாரண மூன்று வருஷம் எண்ணினால் 2024 டிசம்பரில் போய்விட்டது. நம் வாதம், சட்டமே அவரைப் பெண்ணுக்கான பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறது, பொறுப்பாளருக்கு எதிராகக் காலக்கெடு ஓடாது, காலவரைச் சட்டம் பிரிவு 10 என்பது. குடும்ப வன்முறைச் சட்டப் பாதையில் இந்தத் தொல்லை குறைவு. 2015-ல் கிருஷ்ணா பட்டாச்சார்ஜி வழக்கில், ஸ்திரீதனத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது தொடரும் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாமனார் கணக்கில் போன ரொக்கத்தை ஸ்திரீதனம் என்று மாஜிஸ்திரேட் ஏற்பாரா என்பது தனிக் கேள்வி.

சிவப்புநாடா:
பிரிவு 10 வாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தப் பிரிவு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாளருக்கு. சம்பந்தி வரதட்சணை வாங்கும்போது மருமகளுக்காகப் பொறுப்பேற்கிறேன் என்று எங்கே சொன்னார்?

கட்டுப்பிரதி:
அவர் சொல்லவில்லை, சட்டம் சொன்னது. பிரிவு 6-ல் இருக்கும் வார்த்தையே அதுதான். நீங்கள் சொல்வதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீலும் சொல்வார், அதனால் 5 லட்சத்தை நகையோடு ஒரே பத்தியில் கலக்காமல் தனித் தபசிலாகப் போடச் சொல்கிறேன். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

நொய்யல்கரை, அந்த 5 லட்சம் அனுப்பிய வங்கிப் பதிவில் குறிப்புப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது?

நொய்யல்கரை:
இப்போதுதான் அண்ணனிடம் பாஸ்புக்கை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். "மண்டபம் செலவு" என்று இருக்கிறது. அவர்கள்தான் அப்படி எழுதச் சொன்னார்களாம்.

கட்டுப்பிரதி:
மண்டபத்துக்கு யார் பணம் கட்டினார்கள்? ரசீது யார் பேரில்?

நொய்யல்கரை:
நாங்கள்தான் கட்டினோம். ரசீது அண்ணன் பேரில், முழுத் தொகைக்கும்.

கட்டுப்பிரதி:
அந்த ரசீதின் அசலைத் தேடி எடுத்து வையுங்கள். 5 லட்சத்துக்கு அதுதான் முதல் சான்றாவணம்.